சாவி வாங்கும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

"உங்க ஃப்ளாட் ரெடி, வந்து பார்த்துட்டு சாவி வாங்கிக்கோங்க" என்று பில்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்ததும் பலரும் முதலில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கிறார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு அவசரமாக வீட்டைப் பார்க்கிறார்கள். குறை கண்ணில் பட்டாலும் சரிசெய்ய அவகாசம் இருக்காது. பார்வையிடும் தேதியை முதலில் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்தை அதிலிருந்து ஒரு மாதமாவது தள்ளி வைப்பது நல்லது.

தேதியை மின்னஞ்சலில் கேளுங்கள். காலை வெளிச்சம் வேண்டும். கரண்டும் தண்ணீரும் வந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சுவிட்சையும் குழாயையும் சோதிக்கவே முடியாது. சைட் இன்ஜினியர் கூட வர வேண்டும். இத்துடன், பாத்ரூம்களில் இரண்டு நாள் முன்பே தண்ணீர் கட்டிவைக்கச் சொல்லுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

நம் ஊர் அடுக்குமாடிகளில் பாத்ரூம் தளத்தைத் தாழ்வாகப் போட்டு, குழாய்களைப் பதித்து, மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் நீர் அந்த நிரப்பலிலேயே தேங்கிவிடும். நீர்த்தடுப்புப் பூச்சு சரியில்லை என்றால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிய நேரம் பிடிக்கும். ஒரு வாளி ஊற்றிப் பார்ப்பது வாட்டம் சரியா, நீர் ஜாலிக்கு ஓடுகிறதா என்பதை மட்டுமே காட்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம். வியாழன் காலை ஜாலியை அடைத்து, வாசல்படியைத் தாண்டாமல் ஓரிரு அங்குலம் நீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். சனியன்று கோட்டைப் பாருங்கள். மட்டம் இம்மியளவு இறங்கியிருந்தால் ஆவியானதாக இருக்கலாம். நன்றாக இறங்கியிருந்தால் அடைப்பு கசிந்ததா, தளம் கசிந்ததா என்று கேட்க வேண்டும். பிறகு கீழ்வீட்டு பாத்ரூம் கூரையை, குறிப்பாகக் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த வீட்டுச் சாவியையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

மற்ற அறைகளில் டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து மூடுங்கள்.

கண்ட குறைகளை அறை வாரியாக எழுதி, படமெடுத்து, இன்ஜினியரிடம் கையெழுத்தும் சரிசெய்து தரும் தேதியும் வாங்குங்கள். மறுபார்வைக்கான நாளையும் அப்போதே குறித்துவிடுங்கள். "எல்லாம் திருப்தி" என்று அச்சடித்த ஒப்படைப்புக் கடிதத்தை நீட்டினால், குறைப்பட்டியலை இணைத்து, அதைக் கடிதத்திலும் குறிப்பிட்டே கையெழுத்திடுங்கள்.

குடியேறிய பிறகு தெரியவரும் குறைக்கும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் குடியிருக்கும் பாத்ரூமை உடைத்துப் பூச்சை மாற்றினால் அது முடியும்வரை அந்த பாத்ரூமைப் பயன்படுத்த முடியாது. காலி வீட்டில் அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை.