உறங்கும் கைப்பேசியும் ஒலிக்காத நினைவூட்டலும்

சென்ற நவம்பர் மாதத்தில் நம் விடுதியில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். முதலாண்டு மாணவர் ஒருவரின் தந்தையாருக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். தில்லியிலிருந்து புறப்பட முன்பதிவு கிடைக்கவில்லை. தட்கால் ஒன்றே வழி. வண்டி புறப்படுவதற்கு முந்தின நாள், படுக்கை வகுப்புக்கு காலை 11 மணிக்குத் தட்கால் பதிவு திறக்கும்; சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்து போகும் என்பது ஊருக்குப் போய் வரும் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. தம்பி முன்னெச்சரிக்கைக்காரர். கைப்பேசியில் நினைவூட்டற் செயலி ஒன்றில் 10.45க்குக் குறித்து வைத்தார். அன்றிரவு தேர்வுக்குப் படித்துவிட்டு, விடியற்காலை 5 மணிக்குக் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு உறங்கினார்.

கண் விழித்தபோது மணி 11.25. பதறிக் கைப்பேசியைக் கையில் எடுத்தார். எடுத்த அதே கணத்தில் அது 'டிங்' என்று ஒலித்து, "பயணச் சீட்டு" என்று காட்டிற்று!

அடுத்த நாள் பதிவு செய்து, ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தார். அறுவை முடிந்திருந்தது. தந்தையார் இப்போது நலம். ஆனால் ஊரிலிருந்து திரும்பியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணா, நான் பேட்டரி சேமிப்பைப் போடவே இல்லையே. ஒலி குறைந்தும் இல்லை. பகலில் எத்தனையோ முறை சரியாக அடித்த செயலிதான். அன்றைக்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை?"

விடை அந்த 'டிங்'கிலேயே இருக்கிறது. நினைவூட்டல் தொலைந்து போகவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கையில் எடுத்தவுடன் விடுவிக்கப்பட்டது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், வந்த அறிவிப்பின் நேரத்தைப் பாருங்கள். குறித்த நேரத்தில் வந்து நீங்கள் கேளாமற் போயிருந்தால் அறிவிப்பு நாற்பது நிமிடப் பழையதாக இருக்கும். தொட்ட நேரத்திலேயே வந்ததாக இருந்தால், குற்றம் உங்கள் உறக்கத்தின்மேல் இல்லை.

நிறுத்தி வைத்தது யார்? ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நாம் கையால் போடும் பேட்டரி சேமிப்பு ஒன்று உண்டு. அதைத் தவிர, நம்மைக் கேளாமலே இயங்கும் சேமிப்பு ஒன்றும் உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் இது எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. 'டோஸ்' என்று பெயர், சிறுதுயில் என்று பொருள். மூன்று நிபந்தனைகள் கூடினால் இது வரும்: மின்னூட்டக் கம்பி செருகியிருக்கக் கூடாது, திரை அணைந்திருக்க வேண்டும், கைப்பேசி அசையாமல் இருக்க வேண்டும். மேசைமேல் கிடக்கும் கைப்பேசிக்கு இம்மூன்றும் கூடிவிடுகின்றன.

துயில் வந்தபின் செயலிகள் கேட்டிருந்த சாதாரண அலாரங்களை இயக்க அமைப்பு எழுப்புவதில்லை. இடையிடையே சிறிது நேரம் கண் திறந்து, அதற்குள் சேர்ந்த வேலைகளை மொத்தமாக முடித்துவிட்டு மீண்டும் துயிலும். இந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போகும் என்பதுதான் பலர் அறியாத செய்தி. ஆண்ட்ராய்டின் மூல நிரலில் இயல்பாக உள்ள கணக்குப்படி, திரை அணைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆழ்துயில் தொடங்கும். முதல் விழிப்பு ஒரு மணி கழித்து, அடுத்தது இரண்டு மணி கழித்து, அதற்கடுத்தது நான்கு மணி கழித்து, பிறகு ஆறு மணிக்கு ஒருமுறை. உற்பத்தியாளர்கள் இதை மாற்றிக்கொள்வதும் உண்டு.

இந்தக் கணக்கை நம் தம்பியின் காலைப் பொழுதுக்குப் பொருத்திப் பாருங்கள். 5 மணிக்கு மேசைமேல் வைத்தார். 6 மணியளவில் துயில். 7 மணிக்கு ஒரு விழிப்பு, 9 மணியை ஒட்டி மற்றொன்று. அதற்கடுத்த விழிப்பு பகல் 1 மணிக்குமேல்! 10.45 நினைவூட்டல் இந்த நான்கு மணி நேரப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. 8.50க்குக் குறித்திருந்தால் சில நிமிடத் தாமதத்தோடு வந்திருக்கும். அவரும் செயலியை நம்பிக்கொண்டே இருந்திருப்பார். பகலில் சோதித்தபோது ஒருநாளும் தவறாததற்கும் காரணம் இதுவே. சோதிப்பவர் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இரண்டு நிமிடம் தள்ளிக் குறிக்கிறார். விழித்திருப்பவனைத் தட்டி எழுப்பிப் பார்ப்பது போன்ற சோதனை அது.

பேட்டரி சேமிப்பை அவர் போட்டிருந்தால் நிலை இன்னும் மோசம். அது அசைவின்மைக்குக்கூடக் காத்திராது. திரைக்குப் பின்னால் உள்ள செயலிகளை உடனடியாக ஒதுக்கி வைத்துவிடும்.

இனி, எல்லா அலாரங்களும் ஒன்றல்ல என்பதைக் காண்போம். ஒரு செயலி அமைப்பிடம் மூன்று விதமாகக் கேட்கலாம். "ஏறக்குறைய இந்த நேரத்தில் எழுப்பு" என்பது முதல் வகை. துயிலில் இது தள்ளிப் போகும். "துயிலில் இருந்தாலும் துல்லியமாக எழுப்பு" என்பது இரண்டாம் வகை. "இது மனிதன் வைத்த கடிகார அலாரம்" என்பது மூன்றாம் வகை. இதற்குத்தான் முழு மரியாதை. குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே கைப்பேசி துயிலிலிருந்து தானாக வெளிவந்து காத்திருக்கும். கைப்பேசியோடு வரும் கடிகாரச் செயலி கேட்பது இந்த மூன்றாம் வகையைத்தான்.

இரண்டாம் வகைக்கு இப்போது அனுமதி வேண்டும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இந்த அனுமதியை உண்டாக்கிற்று. அப்போது பெரும்பாலும் கேளாமலே கிடைத்தது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல், புதிதாக நிறுவும் செயலிகள் பலவற்றுக்கு அது தொடக்கத்திலேயே மறுக்கப்பட்டிருக்கும். பழைய கைப்பேசியிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றினாலும் இந்த ஓர் அனுமதி கூடவே வராது. தம்பி தீபாவளிக்குத்தான் புதுக் கைப்பேசி வாங்கியிருந்தார். குறிப்புகள் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்திருந்தன. அனுமதி மட்டும் வரவில்லை. நாங்கள் இருவரும் திறந்து பார்த்தோம். அது அணைந்தே கிடந்தது. அதனால் செயலி முதல் வகையிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே, தவறினால் இழப்பு என்று நீங்கள் கருதும் ஒன்றுக்கு — வலிப்பு மாத்திரை, இரயில், தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் — நினைவூட்டற் செயலியை நாடாமல் கைப்பேசியின் சொந்தக் கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். அதன் பெயர்க் கட்டத்தில் "தட்கால்" என்றோ "மாத்திரை" என்றோ எழுதிக்கொள்ளலாம். வைத்தவுடன் திரையின் மேல் விளிம்பில் சிறு கடிகாரச் சின்னம் தோன்றும். அமைப்பு அதை மூன்றாம் வகையாக ஏற்றுக்கொண்டதற்கு அதுவே அடையாளம். கடிகார அலாரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வகுப்பில் அழைப்பு ஒலியை அணைத்துவிட்டு மறந்து போனாலும், அலாரத்தின் ஒலியளவு தனியானது. "தொந்தரவு செய்யாதே" நிலையிலும், நீங்களே மாற்றாதவரை அலாரத்துக்கு வழி உண்டு. சாதாரண அறிவிப்புக்கு இல்லை.

ஆனால் கடிகாரம் எல்லாவற்றுக்கும் போதாது. மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதிக்கு எல்லாரும் அலாரம் வைப்பதில்லை. நாட்காட்டியோ நினைவூட்டற் செயலியோதான் வேண்டும் என்பவர்கள் முதலில் அமைப்பில் இந்த இடத்துக்குப் போக வேண்டும்:

```
Settings > Apps > Special app access > Alarms & reminders
```

அங்கே உங்கள் செயலிக்கு எதிரே உள்ள பொத்தானைத் திறந்து வையுங்கள். பிறகு அதே செயலியின் பேட்டரிப் பக்கத்தில் `Unrestricted` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்பெயர்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி சற்று மாறும். சில உற்பத்தியாளர்கள் இவற்றுக்கும் மேலாகத் தங்கள் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டிருப்பார்கள். "தானாகத் தொடங்க அனுமதி" என்ற பொருளில் ஒரு பொத்தான் இருந்தால் அதையும் திறக்க வேண்டும். இந்தச் சொந்தப் பூட்டுகள்தாம் எனக்கு மிகவும் எரிச்சல் தருபவை. கூகிள் எழுதிய விதிகளையாவது படித்து அறியலாம். இவற்றுக்கு அந்த வசதியும் குறைவு.

`Force stop` என்ற பொத்தானை மட்டும் அச்செயலியின்மேல் அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் அது வைத்திருந்த அலாரங்கள் எல்லாம் நீக்கப்படும். மீண்டும் நீங்கள் அதைத் திறக்கும்வரை அது எழாது. நினைவகத்தைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் செயலிகளை நான் வைத்துக்கொள்ளாததற்கும் இந்த அச்சமே காரணம்.

அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. செயலியை எழுதியவர் இரண்டாம் வகையில் கேட்டிருக்கவும் வேண்டும். அதைச் சோதித்துத்தான் அறிய முடியும். மின்னூட்டக் கம்பியைக் கழற்றிவிட்டு, இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு நினைவூட்டலைக் குறித்து, திரையை அணைத்து, கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். நடுவில் தொட்டால் துயில் கலைந்து சோதனை கெட்டுவிடும்.

அத்தனை பொறுமை இல்லாத பொறியியல் நண்பர்களுக்கு வேறு வழி உண்டு. ஐந்து நிமிடம் தள்ளிக் குறித்துக்கொண்டு, கைப்பேசியைக் கணினியில் இணைத்து, திரையை அணைத்துவிட்டு இவ்விரண்டு கட்டளைகளைக் கொடுக்கலாம்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

முதலாவது, கம்பி செருகவில்லை என்று கைப்பேசியை நம்ப வைக்கும். இரண்டாவது, அதை உடனே ஆழ்துயிலில் ஆழ்த்தும். முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர:

```
adb shell dumpsys deviceidle unforce
adb shell dumpsys battery reset
```

கடைசிக் கட்டளையை மறந்தால், கம்பி செருகியிருந்தும் செருகவில்லை என்றே கைப்பேசி சாதித்துக்கொண்டிருக்கும். நான் ஒருமுறை மறந்துவிட்டு, கம்பி பழுது என்று கடைக்குப் போய்விட்டேன்!

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. அங்கே செயலி தன் நினைவூட்டலை முன்கூட்டியே அமைப்பிடம் ஒப்படைத்துவிடும். குறைமின் நிலையிலும் அமைப்பே அதைக் காட்டும். ஆனால் ஒரு செயலிக்கு 64 வரைதான் ஒப்படைக்க முடியும். நாளுக்கு ஐந்து வேளை மருந்தைப் பல வாரங்களுக்குத் தனித்தனியாகக் குறித்து வைக்கும் செயலியை நீண்ட நாள் திறக்காமலே விட்டால், அந்தக் கணக்கு தீர்ந்து போய் ஒலி நின்றுவிடலாம். இரு வகைக் கைப்பேசிகளிலும் பேட்டரி முற்றும் தீர்ந்தால் சேர்த்துவைத்தது எதுவும் ஒலிக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

தம்பியின் கைப்பேசியில் அனுமதியைத் திறந்தபின் அதே செயலியை மேசைமேல் வைத்துச் சோதித்தோம். இரவு 9.30க்குக் குறித்தது 9.30க்கே ஒலித்தது. ஆனாலும் பொங்கலுக்கு ஊர் போகச் சீட்டு எடுத்த அன்று, அவர் கடிகாரத்தில்தான் அலாரம் வைத்தார். கம்பியையும் செருகியே வைத்திருந்தார்.