இரவு 10 முதல் காலை 6 வரை இணையதளத்தில் என்ன நடக்கிறது?

"பராமரிப்புப் பணி காரணமாக சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை சேவை இயங்காது." சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகும்போது இப்படி ஓர் அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீங்க. புது மென்பொருளை ஏற்ற எட்டு மணி நேரமா என்று கேட்கத் தோணும். உண்மையில் அதில் பாதி நேரம், வேலை சரிவராமல் போனால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக ஒதுக்கி வைத்தது.

உதாரணத்துக்கு, வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு புதிய பகுதி சேர்க்கிறாங்க என்று வைத்துக்கொள்வோம். முதலில் தேதி. கல்லூரிச் சேர்க்கைக்காகக் கூட்டம் மொய்க்கும் மே, ஜூன் மாதங்களைத் தவிர்த்து ஒரு சனிக்கிழமையைக் குறிக்கிறார்கள்.

அந்த வாரம் திங்கள் மாலையோடு 'கோட் ஃப்ரீஸ்', அதாவது நிரல் முடக்கம். அதன்பின் புது மாற்றம் எதுவும் சேர்க்கக் கூடாது. செவ்வாய் முதல் வெள்ளி வரை சோதனை மட்டும்தான். வியாழக்கிழமை "சின்ன மாற்றம்தானே" என்று ஒருவர் ஒரு வரியை மாற்றினாலும், அதுவரை செய்த சோதனையை நம்ப முடியாது. கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்படுவது போன்ற பெரிய பிழைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைத் திருத்தியதும் தொடர்புடைய எல்லாவற்றையும் மீண்டும் சோதிக்கணும். நேரம் போதவில்லை என்றால் வெளியீட்டையே தள்ளிவைக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவுக் கணக்கைக் காலை 6 மணியிலிருந்து பின்னோக்கிப் போடுகிறார்கள். பழைய நிலைக்குத் திரும்பிச் சரிபார்க்க 3 மணி நேரம், கைக்காவலாக 1 மணி நேரம். அப்படியானால் முடிவெடுக்கக் கடைசி நேரம் இரவு 2 மணி. அதற்குள் 10 மணி முதல் தரவுகளுக்கு நகல், 11 மணி முதல் புது மென்பொருள் ஏற்றம், 1 மணி முதல் சோதனை. ஒரு விண்ணப்பத்தைப் பதிவு செய்து, பணம் கட்டி, சான்றிதழைப் பதிவிறக்கிப் பார்க்கிறார்கள். பழைய விண்ணப்பங்களின் நிலை சரியாகத் தெரிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

2 மணிக்கும் பிழை தீரலைன்னா? "இன்னும் பத்து நிமிஷம், முடிச்சிடுவோம்" என்ற பேச்சுக்கு இடமில்லை, திரும்பித்தான் ஆகணும். இதை யார் முடிவு செய்வது என்பதையும் முன்பே குறித்துவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காலை 6 மணிக்குத் தளம் திறந்துவிட்டால் நிலைமை வேறு. 9 மணிக்குப் பிழை தெரிந்து இரவு எடுத்த நகலுக்குத் திரும்பினால், அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் பதிந்த விண்ணப்பம் காணாமல் போய்விடும். மென்பொருளை மட்டும் பழையதாக்கினால் விண்ணப்பம் தப்பும். ஆனால் புதிய தரவு இருந்தாலும் பழைய மென்பொருள் இயங்க வேண்டும். அதனால்தான் புதிய பகுதியைச் சேர்க்கும் அன்றே பழைய பகுதியை நீக்குவதில்லை. அது அடுத்த வெளியீட்டில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: 10 மணி நெருங்கும்போது பணம் கட்டத் தொடங்காதீங்க. பணம் பிடிக்கப்பட்டு ரசீது வரலைன்னா, மறுபடி கட்டாமல் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, தளம் திறந்ததும் அதன் நிலையைப் பாருங்க.