110 ரூபாய் எங்க போச்சு? ஒரு கார்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது எப்படி

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது. சண்டை போட்டது நான். தப்பும் என்னோடதுதான், ஆனா அது கடைசியிலதான் தெரிஞ்சது.

நாங்க மூணு பேர் ஒரே ஃபிளாட்ல இருக்கோம். மளிகை சாமானை ஒரு ரூம்மேட் ஆப்ல ஆர்டர் பண்ணுவான். பே பண்றதுக்கு முன்னாடி கார்ட் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, "ஆளுக்கு 295 அனுப்புங்கடா"ன்னு சொல்லுவான். போன மாசமும் அப்படித்தான் போட்டான். நான் ஆபீஸ்ல இருந்தேன். அவசரமா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், 110 ரூபாய் இடிச்சது. உடனே, "மச்சி, 776தானே வரணும்? 886 எப்படி?"ன்னு குரூப்லயே கேட்டுட்டேன். அவன் "அப்போ நான் அடிச்சுட்டேன்னு சொல்றியா?"ன்னு ஒரு வரி அனுப்பிட்டு ஆஃப்லைன் போயிட்டான்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். அதைத்தான் இன்னைக்கு உங்களோட சேர்ந்து திரும்பப் படிக்கப் போறேன். படத்துல இருந்தது இதுதான்:

```
You saved ₹214

Rice 5 kg        ₹425   (MRP ₹480)
Oil 1 L          ₹165   (MRP ₹190)
Ghee 200 ml      ₹160   (MRP ₹175)
Coffee 200 g     ₹140   (MRP ₹150)
Milk x 2         ₹60

Item total       ₹950.00
Coupon          -₹108.75
Delivery fee     ₹30.00
Handling fee     ₹10.00

To Pay           ₹886
```

முதல்ல நான் எங்க வழுக்கினேன்னு சொல்லிடறேன். மேல பச்சைப் பட்டையில `You saved ₹214`ன்னு பெருசா இருந்தது. கண்ணு அங்கதான் போச்சு. 950ல இருந்து 214 கழிச்சா 736. டெலிவரி 30, ஹேண்ட்லிங் 10 சேர்த்தா 776. கணக்கு முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

அந்த 214 எப்படி வந்ததுன்னு பாருங்க. எல்லா பொருளோட எம்.ஆர்.பி.யையும் கூட்டினா 1055. ஆப் விற்கிற விலை 950. வித்தியாசம் 105. அதோட கூப்பன் 108.75 சேர்த்தா 213.75. அதை ரவுண்டு பண்ணி 214ன்னு போட்டிருக்காங்க. அந்த 105 ரூபாய் தள்ளுபடி, `Item total`ல ஏற்கெனவே கழிஞ்சு போச்சு. நான் அதையே ரெண்டாவது தடவை கழிச்சிருக்கேன். என் 110 ரூபாய் புகார்ல 105 ரூபாய் அங்கேயே காலி.

அதனால சரிபார்க்கும்போது பச்சைப் பட்டையைக் கையால மறைச்சுக்கோங்க. அது கணக்குல வர்ற வரி இல்ல, ஆப் தன்னைத்தானே தட்டிக்கொடுக்கிற வரி. சில ஆப்ல அடிச்சுக் காட்டின டெலிவரி கட்டணத்தையும் இந்த "சேமிப்பு"ல சேர்த்துடுவாங்க. நம்ம கணக்கு `Item total`ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு வரியா கீழே இறங்கி, `To Pay`ல முடியணும்.

அடுத்து கூப்பன். இதுல இன்னொரு ரூம்மேட்டுக்கும் சந்தேகம். "15% ஆஃப், 150 ரூபாய் வரைக்கும்"னு கூப்பன்ல எழுதியிருக்கு. 950க்கு 15% போட்டா 142.50 வரணும், இங்க 108.75தானே இருக்குன்னு கேட்டான். நியாயமான கேள்வி. கூப்பனைத் தொட்டா கீழே சின்ன எழுத்துல நிபந்தனை விரியும். அதுல பாலுக்கும் சமையல் எண்ணெய்க்கும் இந்தக் கூப்பன் செல்லாதுன்னு இருந்தது. 950ல பால் 60, எண்ணெய் 165 கழிச்சா 725. அதுக்கு 15% போட்டா 108.75. பைசா சுத்தமா பொருந்துது.

நிபந்தனையைத் திறந்து பார்க்க முடியலைன்னா, பின்னாடியிருந்து வாங்க. 108.75ஐ 0.15ஆல் வகுத்தா 725 வரும். ஆப் எந்தத் தொகைக்குச் சதவீதம் போட்டிருக்குன்னு இப்போ தெரிஞ்சுடுச்சு. 950க்கும் 725க்கும் நடுவுல இருக்கிற 225க்கு எந்தப் பொருள்கள் பொருந்துதுன்னு தேடினா, விலக்கப்பட்டது எதுன்னு கிட்டத்தட்ட பிடிச்சுடலாம். ஆனா ஒரு விஷயம். தள்ளுபடி சரியா உச்சவரம்புல, அதாவது இங்க 150ல, வந்து நின்னிருந்தா இந்த வழி உதவாது. மேல எவ்வளவு வெட்டுப்பட்டதுன்னு அந்த எண் சொல்லாது.

மூணாவது டெலிவரி கட்டணம். ஆப்ல "₹899க்கு மேல் டெலிவரி இலவசம்"னு இருக்கு. எங்க சாமான் 950. அப்புறம் ஏன் 30 ரூபாய்? 899ஐ எந்தத் தொகையோட ஒப்பிடறாங்கங்கிறதுதான் விஷயம், கூப்பனுக்கு முன்னாடியா, பின்னாடியா? இது ஆப்புக்கு ஆப் மாறும். ஊகிக்கத் தேவையில்ல, பதில் பல நேரம் ஸ்கிரீன்லயே இருக்கும். கார்ட் மேல ஒரு மஞ்சள் பட்டையில, இன்னும் ₹57.75க்கு வாங்கினா இலவச டெலிவரின்னு ஆசை காட்டுவாங்க. எங்க குரூப்ல வந்த படத்துல அது வெட்டுப்பட்டிருந்தது, அப்புறம் போன்ல பார்த்தேன். 899ல இருந்து 57.75 கழிச்சா 841.25. அது என்ன? 950ல இருந்து கூப்பன் 108.75 போன மிச்சம். ஆக, இந்த ஆப் கூப்பனுக்கு அப்புறம் வர்ற தொகையைத்தான் பார்க்குது. 30 ரூபாய் போட்டது அந்த விதிப்படி சரி.

இங்க ஒரு சின்ன கண்ணி இருக்கு. 57.75தானேன்னு 60 ரூபாய்க்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் போட்டா டெலிவரி இலவசம் ஆகாது. பிஸ்கட்டுக்கும் 15% கழியும். அதனால கணக்குல 51 ரூபாய்தான் ஏறும், 892.25ல நிக்கும். கூப்பன் செல்லுற பொருளா இருந்தா குறைஞ்சது 68 ரூபாய்க்கு வாங்கணும், 57.75ஐ 0.85ஆல் வகுத்தா அதுதான் வரும். அதே 60 ரூபாய்க்கு இன்னும் ரெண்டு பால் பாக்கெட் போட்டா முழுசா ஏறிடும், ஏன்னா பாலுக்குக் கூப்பன் கழிவே கிடையாது.

சரி, இப்போ கடைசி வரிக்கு வருவோம். 950 கழித்தல் 108.75, கூட்டல் 30, கூட்டல் 10. மொத்தம் 881.25. ஆனா `To Pay`ல 886ன்னு இருக்கு. 4.75 இடிக்குது. என் 110ல உண்மையான மிச்சம் இது மட்டும்தான்.

"அஞ்சு ரூபாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியா"ன்னு நீங்க கேட்கலாம். ஆனா பில் ஒரு கூட்டல் கணக்கு. அது இடிச்சா நமக்குத் தெரியாத ஒரு வரி உள்ளே இருக்குன்னு அர்த்தம். ரவுண்டு பண்ணினதா இருக்குமா? கிட்ட இருக்கிற முழு ரூபாய்க்கு ரவுண்டு பண்ணினா வித்தியாசம் 50 பைசாவைத் தாண்டாது. கட்டணங்கள் மேல ஜி.எஸ்.டி.யா? 40 ரூபாய்க்கு 18% போட்டா 7.20, பொருந்தல. சாமானுக்கு வரியான்னு யோசிக்கவே வேண்டாம், பாக்கெட் பொருள்ல எம்.ஆர்.பி.ன்னாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. 5 ரூபாய் ஒரு வரி, அப்புறம் 25 பைசா ரவுண்டுன்னு வெச்சா சரியா 886 வருது.

அந்த வரி ஏன் படத்துல இல்ல? இந்த ஆப்ல `To Pay` பட்டை ஸ்கிரீனோட அடியில ஒட்டிக்கிட்டே நிக்கும். பில் அதுக்குப் பின்னாடி ஸ்க்ரோல் ஆகும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பட்டைக்குப் பின்னாடி இருக்கிற வரி மறைஞ்சுடும், ஆனா மொத்தத்துல அது சேர்ந்திருக்கும். பார்க்கிறவங்களுக்குப் படம் முழுசா இருக்கிற மாதிரியே தோணும்.

ரூம்மேட் கதவைத் தட்டினேன். முதல்ல சாரி கேட்டேன். அப்புறம், "டேய், பில்லை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்து ஒரு படம் எடு"ன்னு சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேதான் இழுத்தான். ஹேண்ட்லிங் ஃபீஸுக்குக் கீழே `Donation ₹5`, பக்கத்துல டிக். அவன் போட்ட டிக் இல்ல, தானாவே விழுந்திருந்தது. அவனுக்கே அப்போதான் தெரிஞ்சது.

இதுக்கு ஒரு பேர் உண்டு, பாஸ்கெட் ஸ்னீக்கிங். நம்ம சம்மதம் இல்லாம கார்ட்ல நன்கொடை, இன்சூரன்ஸ் மாதிரி எதையாவது சேர்த்து மொத்தத்தை ஏத்தறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல டார்க் பேட்டர்ன் பத்தி வெளியிட்ட வழிகாட்டு விதிகள்ல, கூடாதுன்னு சொன்ன 13 வகையில இதுவும் ஒண்ணு. நன்கொடை கொடுக்கறது தப்பில்ல, ஆனா அந்த டிக்கை நாமதான் போடணும். இப்படி நடந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் சொல்லலாம். அதுக்கு அந்த டிக் தெரியற ஸ்கிரீன்ஷாட் கையில இருக்கறது நல்லது.

டிக்கை எடுத்தோம், 881 ஆச்சு. பே பண்ணிட்டான்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்புறதுக்கு ஓர் எல்லையும் இருக்கு. அது பே பண்றதுக்கு முந்தின நிமிஷத்தோட படம். அதுக்கப்புறம் விலை மாறலாம், ஒரு பொருள் ஸ்டாக் இல்லாம போகலாம், அதனால கூப்பனோட குறைந்தபட்ச தொகைக்குக் கீழே போய் தள்ளுபடியே கழண்டுடலாம். கேஷ்பேக் வரும்னு எழுதியிருந்தா அதை `To Pay`ல கழிக்காதீங்க, அது அப்புறம் தனியா வர்ற காசு. பங்கு பிரிக்கிறதா இருந்தா ஆர்டர் வந்ததும் ஆப்ல கிடைக்கிற இன்வாய்ஸை வெச்சுப் பிரிங்க.

எங்க குரூப்ல இப்போ ஒரே ஒரு விதி மாறியிருக்கு. அவன் ரெண்டு ஸ்கிரீன்ஷாட் போடுவான், ஒண்ணு பொருள்களுக்கு, இன்னொண்ணு பில்லை அடி வரைக்கும் இழுத்து. நான் குரூப்ல கேள்வி கேட்கறதுக்கு முன்னாடி கூட்டிப் பார்ப்பேன். கூட்டிப் பார்த்தும் இடிச்சா அவனுக்குத் தனியா மெசேஜ் பண்ணுவேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.