கம்பம் எந்த உயரத்தில் இருந்தது?

"கேட் போட்டுட்டாங்க" என்று நாம் சலிப்போடு சொல்கிற அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் கேட் கீப்பர் பார்க்கிற வேலை வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. சுழற்றுகிற கைப்பிடியும், இறங்குகிற சிவப்பு வெள்ளைக் கம்பமும், அடிக்கிற மணியும்தான் கண்ணில் படும். கம்பம் பாதி இறங்கியிருக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு ஒரு பைக் உள்ளே நுழைந்துவிட்டால், அந்த நொடியிலிருந்து அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடுகிறது. நடந்ததை அவர் எழுத்தில் தர வேண்டும்.

அந்த அறிக்கையில் என்ன எழுத வேண்டும், ஏன் அப்படி எழுத வேண்டும் என்பது கேட் வேலை செய்கிற முறை தெரிந்தால்தான் புரியும்.

ரயில் வரப்போகிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் அறைக்குப் போன் செய்து எந்த ரயில், எந்தத் திசை என்று சொல்வார். கேட் கீப்பர் சாலையை இருபுறமும் பார்த்துவிட்டுக் கம்பங்களை இறக்கிப் பூட்டுவார். பிறகு தன்னிடமுள்ள சிறு புத்தகத்திலிருந்து ஓர் எண்ணைப் படித்துச் சொல்வார். ரயில்வேயில் இதற்கு 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். அந்தப் புத்தகத்தில் எண்கள் வரிசையாக இருக்காது. முன்கூட்டி யாரும் ஊகிக்க முடியாதபடி கலைந்து கிடக்கும். ஒருமுறை சொன்ன எண்ணை அங்கேயே அடித்துவிட வேண்டும். கேட் பூட்டப்பட்டது என்பதற்கு அந்த எண்தான் அவர் வாய்வழியாகக் கொடுக்கிற கையெழுத்து. இரண்டு முனைகளிலும் அது பதிவேட்டில் ஏறும்.

சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டுகளில் இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. கம்பத்தின் நுனி எதிர்த் தூணிலுள்ள பூட்டில் போய் உட்கார்ந்தால்தான் ரயிலுக்கான சிக்னல் பச்சைக்கு மாறும். பச்சை விழுந்த பிறகு, சிக்னலைத் திரும்பச் சிவப்பாக்காமல் கேட்டைத் திறக்க முடியாது. ஆகவே இத்தகைய கேட்டில் கம்பம் இறங்கிக்கொண்டிருக்கும்போது ரயிலுக்கு இன்னும் சிவப்புதான். பைக்கில் நுழைந்தவருக்கு அது தெரியாது. தனக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது என்பது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் அவர் கவனத்துக்கு வருவதில்லை. பல கேட்டுகளில் இரண்டு பக்கக் கம்பங்களும் ஒரே கைப்பிடியால், கம்பிவடம் வழியாக, ஒன்றாகவே இறங்குகின்றன. இந்தப் பக்கம் பாதி இறங்கியிருந்தால் அந்தப் பக்கமும் பாதி இறங்கியிருக்கும். அவர் தண்டவாளத்தைத் தாண்டி அடுத்த முனைக்குப் போவதற்குள் அங்கே இடைவெளி இன்னும் குறைந்திருக்கும். ஹெல்மெட்டில் கம்பம் இடிப்பதும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் மீது இறங்குவதும், வண்டி சறுக்கித் தண்டவாளத்தில் விழுவதும் இப்படித்தான்.

மாதிரிக்கு ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஊர் எதுவாகவும் இருக்கட்டும். இரட்டைப் பாதை, சிக்னலோடு பிணைந்த கேட். மாலை 6.12-க்கு போன் வருகிறது. 6.13-க்கு கேட் கீப்பர் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்குகிறார். கம்பம் ஓர் ஆளின் தோள் உயரத்துக்கு வரும்போது கிழக்கிலிருந்து கறுப்பு நிற பைக் ஒன்று நுழைகிறது. கேட் கீப்பர் விசில் அடித்துக் கைப்பிடியை நிறுத்துகிறார். பைக்காரர் நிற்கவில்லை. மேற்குப் பக்கக் கம்பத்தில் அவர் ஹெல்மெட் இடிக்கிறது. வண்டி ஆடினாலும் விழாமல் வெளியேறிவிடுகிறது. ஆள் போய்விட்டார். கம்பம் நுனியில் வளைந்துவிட்டது. முழுவதும் இறக்கியும் பூட்டில் உட்கார மறுக்கிறது.

இப்போது கேட் கீப்பர் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு. அவர் பைக்கைத் துரத்தக்கூடாது. கேட்டை விட்டு அவர் நகரவே முடியாது. முதல் வேலையாக ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு, கேட் பூட்டவில்லை, பிரைவேட் நம்பர் தர முடியாது என்று சொல்ல வேண்டும். இத்தகைய நிலைக்காகவே பல கேட்டுகளில் பக்கவாட்டில் தள்ளி மூடுகிற மாற்றுக் கம்பம் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் சங்கிலியைக் குறுக்கே கட்டிப் பூட்ட வேண்டும். ஆனால் சங்கிலிக்குச் சிக்னல் மசியாது. ரயில் சிவப்பில் வந்து நிற்கும்.

அது கேட்டுக்கென்றே உள்ள 'ஜி' பலகை மாட்டிய சிக்னலாக இருந்தால் லோகோ பைலட் ஹாரன் அடித்து, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருப்பார். அப்புறமும் சிவப்பாகவே இருந்தால் ஊர்ந்து கேட் வரைக்கும் வருவார். அங்கே கேட் கீப்பர் கைக்கொடி காட்டிய பிறகுதான் கடப்பார். ஒரு ஹெல்மெட் இடித்த இடியில் ஒரு ரயில் முழுவதும் இப்படி நின்று போகிறது. பழுது பார்க்கும்வரை அடுத்தடுத்த ரயில்களுக்கும் இதே கதைதான்.

பைக் தண்டவாளத்தில் விழுந்து, அந்த நேரத்தில் சிக்னல் ஏற்கெனவே பச்சையாக இருந்திருந்தால் நிலைமை வேறு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயில் ஒரு நொடியில் 30 மீட்டர் கடக்கும். பிரேக் போட்டால் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தேவைப்படும். கேட் கீப்பர் சிக்னலைச் சிவப்பாக்கச் சொல்லிவிட்டு, சிவப்புக் கொடியோ விளக்கோ பிடித்தபடி ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். கையில் டெட்டனேட்டர் இருக்கும். தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்துச் சத்தம் எழுப்புகிற சிறு பொருள் அது. அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைக்க வேண்டும் என்பது விதி. இருட்டில், ஜல்லியின் மேல், தனி ஆளாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

இனி அறிக்கைக்கு வருவோம். பரபரப்பு அடங்காத கையோடு பலரும் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: "கேட் மூடும்போது ஒரு பைக் அதிவேகமாக அத்துமீறி நுழைந்து கேட்டை இடித்துவிட்டுத் தப்பியது. ஓட்டியவர் குடித்திருந்தார்." கோபம் நியாயமானது. ஆனால் விசாரிப்பவருக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்காது. குடித்திருந்தார் என்பது கேட் அறை வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்கிற செய்தி அல்ல. அந்த ஒரு வரி தவறாகிப் போனால் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் விழும்.

நல்ல அறிக்கை இப்படி இருக்கும்:

"6.12-க்கு ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து போன். 6.13-க்கு மணி ஒலிக்க, விளக்கு எரிய, கேட்டை இறக்கத் தொடங்கினேன். கிழக்குக் கம்பம் தோள் உயரத்தில் இருந்தபோது கறுப்பு பைக் ஒன்று நுழைந்தது. ஓட்டியவர் ஒருவரே, சிவப்பு ஹெல்மெட். விசில் அடித்து, இறக்குவதை நிறுத்தினேன். அவர் நிற்காமல் மேற்குக் கம்பத்தில் இடித்துச் சென்றார். பின்பலகையில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தேன். முன் எழுத்துகள் தெரியவில்லை. மேற்குக் கம்ப நுனி வளைந்து பூட்டவில்லை. பிரைவேட் நம்பர் அதுவரை தரவில்லை. 6.14-க்கு ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிவித்தேன். சங்கிலி கட்டிப் பூட்டினேன். ரயில் சிக்னலில் நின்று, என் கைக்கொடி பார்த்து 6.24-க்கு கடந்தது."

இதில் இரண்டு வரிகள் உயிரானவை. ஒன்று, "பிரைவேட் நம்பர் அதுவரை தரவில்லை." கேட்டைப் பூட்டாமலே எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு பைக் மேல் பழி போடுகிறாரா என்பதுதான் மேலதிகாரி முதலில் பார்க்கிற விஷயம். ஸ்டேஷன் பதிவேட்டோடும் போன் பேச்சுப் பதிவோடும் ஒப்பிட்டால் அந்த வரி நிற்கும், அல்லது விழும்.

இன்னொன்று, "தோள் உயரத்தில்." 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160-வது பிரிவு, சாலைப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட கேட்டைத் திறந்தால் மூன்று ஆண்டுவரை, உடைத்தால் ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது. இறங்கிக்கொண்டிருக்கிற கம்பம் 'மூடப்பட்ட' கேட்டா? வழக்கில் எழக்கூடிய முதல் கேள்வி இது. எதையும் திறக்காமல், உடைக்காமல், குனிந்து மட்டும் போனவருக்கு அந்தப் பிரிவு பொருந்துவது கடினம். அத்துமீறலுக்கான 147-வது பிரிவோ, அசட்டையான செயலால் பயணிகளின் பாதுகாப்பைக் கெடுத்ததற்கான 154-வது பிரிவோதான் மிஞ்சும். முன்னதில் ஆறு மாதம் வரை, பின்னதில் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது விசாரிக்கிற ரயில்வே பாதுகாப்புப் படையின் வேலை. உயரத்தை உள்ளபடி எழுதிக் கொடுப்பது கேட் கீப்பரின் வேலை. "முழுவதும் மூடியிருந்தது" என்று அவர் கூட்டி எழுதினால், முழுவதும் மூடிய கேட்டில் பைக் எப்படி நுழைந்தது என்ற கேள்வி அவர் மீதே திரும்பும்.

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கடலூர் அருகே செம்மங்குப்பம் காட்டிவிட்டது. 2025 ஜூலை 8 அன்று அங்கே பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது. கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா, வேன் ஓட்டுநர் திறக்கச் சொன்னாரா என்று அன்று முழுவதும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அதன் பிறகுதான் கேட்டுகளில் கேமரா வைப்பது, போன் பேச்சுப் பதிவைத் தினமும் சோதிப்பது, இன்னும் பல கேட்டுகளைச் சிக்னலோடு பிணைப்பது என்று ரயில்வே உத்தரவிட்டது. இவை முன்பே வந்திருக்க வேண்டும்.

கேமரா எல்லாக் கேட்டுக்கும் வந்து சேர்ந்தாலும், முகப்பு விளக்கின் கூச்சத்தில் அது பார்க்க முடியாத பின்பலகையை மூடிய கேட்டின் முன்னால் காத்திருக்கிற நீங்கள் பார்த்திருக்கலாம். கேட் கீப்பர் இடத்தை விட்டு நகர முடியாதவர். அடுத்த முறை உங்கள் கண்முன்னே ஒரு பைக் அப்படி நுழைந்தால், கேட் திறந்ததும் கிளம்பிவிடாமல், அந்த எண்ணை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.