‘ஹூ’வா, ‘ஹூம்’மா? காதை நம்பாதீர்கள்

‘ஹூ’ என்று எழுதுவதைவிட ‘ஹூம்’ என்று எழுதினால் ஆங்கிலம் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், ஆண்டறிக்கை என்று எதை எடுத்தாலும், தேவையில்லாத இடத்தில் ஒரு ‘ஹூம்’ வந்து உட்கார்ந்திருக்கும். ‘ஹூம்’ வரவேண்டிய இடத்தில் ‘ஹூ’ போட்டால் இன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தலைகீழாகச் செய்தால்தான் மானம் போகிறது.

விதி சின்னது. ஒரு வேலையைச் செய்கிறவர் ‘ஹூ’. அந்த வேலைக்கு ஆளாகிறவரும், ‘டூ’, ‘ஃபார்’, ‘வித்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் வருகிறவரும் ‘ஹூம்’. ‘ஹி’, ‘ஹிம்’ என்ற இரண்டுக்கும் உள்ள அதே வேறுபாடுதான். ஹெமிங்வே 1940-இல் வெளியிட்ட நாவலின் தலைப்பு ‘ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்’. அங்கே ‘ஃபார்’ முன்னால் நிற்பதால் ‘ஹூம்’ தவிர வேறெதுவும் பொருந்தாது.

நமக்கு வேற்றுமை உருபு ஒன்றும் புதிதல்லவே, தமிழில் ‘யார்’ வந்தால் ‘ஹூ’, ‘யாரை’, ‘யாருக்கு’ வந்தால் ‘ஹூம்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ‘யாரைப் பார்த்தாய்?’ என்ற கேள்விக்கு இது சரியாகத்தான் வரும். ஆனால் ‘இது யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது ‘ஹூ நோஸ்?’தான். பசி, பிடிக்கும், வேண்டும், தெரியும் என்று வரும் இடங்களில் தமிழ் ‘யாருக்கு’ என்று கேட்கும். ஆங்கிலமோ அந்த ஆளையே எழுவாயாக்கி ‘ஹூ’ என்று கேட்கும். ஆகவே தமிழில் பெயர்த்துப் பார்ப்பது பாதி வழிக்குத்தான் உதவும். ஆங்கிலத்துக்குள்ளேயே ‘ஹி’, ‘ஹிம்’ போட்டுப் பார்ப்பதுதான் உத்தரவாதமான வழி.

அதையும் சரியான இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தேர்வுக் குழு தன் முடிவை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: “த கேண்டிடேட் ஹூம் வீ பிலீவ் இஸ் த பெஸ்ட்.” ‘வீ பிலீவ்’ பக்கத்திலேயே இருக்கிறது, நாம் நம்புகிறோம், நம்பப்படுபவர் அவர், அப்படியானால் ‘ஹூம்’ என்று காது சொல்லிவிடுகிறது. இப்போது ‘கேண்டிடேட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் துண்டை மட்டும் தனி வாக்கியமாக்குங்கள். ‘வீ பிலீவ் ஹி இஸ் த பெஸ்ட்’ என்று வருகிறது. ‘ஹிம் இஸ்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘இஸ்’ என்ற வினைக்கு ஓர் எழுவாய் வேண்டும், அந்த எழுவாய் இவர்தான். எனவே ‘ஹூ வீ பிலீவ் இஸ் த பெஸ்ட்’ என்பதே சரி. ‘வீ பிலீவ்’ நடுவில் செருகிய துணுக்கு. அதைத் தூக்கிவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

இதே கருத்தில் ‘இஸ்’ போய் ‘டு பி’ வந்தால் முடிவு மாறிவிடும். ‘வீ பிலீவ் ஹிம் டு பி த பெஸ்ட்’ என்றுதான் சொல்வோம் என்பதால் அங்கே ‘ஹூம்’ சரி. ஒரு சொல் மாறியதில் விடை புரண்டுவிடுகிறது. அதனால்தான் காதை நம்ப வேண்டாம் என்கிறேன்.

‘கிவ் இட் டூ’ என்று தொடங்கும் வாக்கியத்திலும் இதே கண்ணி இருக்கிறது. முதலில் வருகிறவருக்குக் கொடு என்று சொல்ல, ‘டூ’ இருக்கிறதே என்று ‘ஹூமெவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். துண்டைப் பிரித்தால் ‘ஹி கம்ஸ் ஃபர்ஸ்ட்’. ஆகவே ‘ஹூஎவர்’. ‘டூ’ என்பது அந்தத் துண்டு முழுவதையும் சேர்த்துப் பிடிக்கிறது, முதல் சொல்லை மட்டுமல்ல.

இதில் தடுமாறுவது நாம் மட்டுமல்ல. 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில், மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில், மக்கள் தன்னை யார் என்று சொல்கிறார்கள் என இயேசு கேட்கும் கேள்வி ‘ஹூம்’ என்றே தொடங்குகிறது. பின்னால் வந்த மொழிபெயர்ப்புகள் அதை ‘ஹூ’ ஆக்கிவிட்டன. மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1921-இல், இன்னும் ஓரிரு நூற்றாண்டில் கேள்வியின் தொடக்கத்தில் ‘ஹூம்’ சொல்ல ஆளிருக்காது என்று எழுதினார். பேச்சில் அது இப்போதே நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அச்சேறிய ஆங்கிலத்தில் எது அதிகம் புழங்குகிறது என்று பார்க்க கூகுளின் Ngram Viewer இருக்கிறது. பெட்டியில் இரண்டு வடிவங்களையும் காற்புள்ளியிட்டுத் தட்டினால் போதும்:

```
who I think is,whom I think is
```

ஆண்டுவாரியாக இரண்டு கோடுகள் வரும். கோடு உயரமாக இருப்பதாலேயே அது இலக்கணப்படி சரி என்று ஆகிவிடாது. எத்தனை பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டும். ‘ஹி’, ‘ஹிம்’ சோதனையை முடித்த பிறகு, ஒத்துப்பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

‘விச்’, ‘தட்’ சமாசாரத்துக்கு அதுவும் பயன்படாது, ஏனென்றால் அங்கே கேள்வி பொருளைப் பற்றியது. ஒரு லாட்ஜ் பலகையில் “த ரூம்ஸ் தட் ஹேவ் ஏசி காஸ்ட் 2,000” என்று இருந்தால், ஏசி உள்ள அறைகளுக்கு மட்டும் அந்த வாடகை. ஏசி இல்லாத அறைகளும் உண்டு என்று அர்த்தம். “த ரூம்ஸ், விச் ஹேவ் ஏசி, காஸ்ட் 2,000” என்று இரண்டு காற்புள்ளிகளோடு இருந்தால், எல்லா அறையிலும் ஏசி, எல்லாவற்றுக்கும் 2,000. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் படியுங்கள். எந்த அறை என்பதே குழம்பிப்போனால் அது அடையாளம் காட்டும் துண்டு, காற்புள்ளி கூடாது. எந்த அறை என்பது மாறாமல், ஒரு கூடுதல் தகவல் மட்டும் குறைந்தால் காற்புள்ளியும் ‘விச்’சும் வேண்டும், அங்கே ‘தட்’ வராது.

அடையாளம் காட்டும் துண்டில் ‘தட்’ மட்டும்தான் வரலாமா என்பதில்தான் ஊருக்கு ஊர் சண்டை. ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற அகராதியில், அங்கே ‘தட்’டையும் கூடுதல் தகவலுக்கு ‘விச்’சையும் ஒதுக்கிவிட்டால் தெளிவாக இருக்குமே என்று ஆசைப்பட்டார். நல்ல எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஆசையை அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் சட்டமாக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் அது முழுமையாக ஒட்டவில்லை. அமெரிக்காவிலும் மேடையில் அது செல்லவில்லை: பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, ரூஸ்வெல்ட் அந்த நாளைப் பற்றிச் சொன்னது ‘எ டேட் விச்’ என்றுதான். பிரிட்டிஷ் வழக்கில் எழுதும் நாம், காற்புள்ளி இல்லாமல் ‘விச்’ போட்டால் அது பிழையல்ல.

கணினியின் இலக்கணத் திருத்தி ‘விச்’சுக்குக் கீழே கோடு போட்டு, முன்னால் காற்புள்ளி வை, இல்லாவிட்டால் ‘தட்’ போடு என்று இரண்டு யோசனை சொல்வதுண்டு. இரண்டும் ஒன்றே என்று நினைத்து முதலாவதை அழுத்திவிட்டால், லாட்ஜில் இல்லாத ஏசியை எல்லா அறைக்கும் மாட்டிவிட்டீர்கள்.

அமெரிக்கப் பத்திரிகைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புவதாக இருந்தால் மட்டும் ஒரு கடைசி வேலை உண்டு. Ctrl+F தட்டி ‘which’ எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேள்விச் சொல்லாக வருவதையும், முன்னால் காற்புள்ளி உள்ளதையும், ‘இன் விச்’, ‘ஃபார் விச்’ என்று வருவதையும் தொட வேண்டாம். மிஞ்சுகிறவற்றில் துண்டை எடுத்துப் படித்துப் பார்த்து, அடையாளம் காட்டுவதாக இருந்தால் ‘தட்’ ஆக்குங்கள். கூடுதல் தகவலாக இருந்தால், விட்டுப்போன காற்புள்ளியை வையுங்கள்.