காதுக்குப் போகும் ஒற்றைக் குழாய்

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குகளில் காலை நேரத்தில் மருந்து முகப்பு இரைச்சலாகவே இருக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முகக்கவசம் போட்டபடி, மருந்து கொடுப்பவர் மலாயில் சொல்வார்: இந்த மாத்திரை 'செபெலும் மாக்கான்', அந்த மாத்திரை 'செலெபாஸ் மாக்கான்'. முதலாவது சாப்பாட்டுக்கு முன், மற்றது சாப்பாட்டுக்குப் பின். இனிப்பு நீருக்குத் தரும் கிளிக்லசைடைச் சாப்பாட்டுக்கு முன்பும், மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு அல்லது அதற்குப் பின்பும் எடுக்க வேண்டும். முன்னாள் தோட்டத்து அம்மா ஒருவர் தலையாட்டிவிட்டு மருந்துப் பையை வாங்கிக்கொள்கிறார். குரல் அவர் காதில் விழுந்தது. எது முன், எது பின் என்பது மட்டும் விழவில்லை. வீட்டில் மகன் கேட்டால், "அவங்க வேகமா பேசுறாங்கய்யா, ஒண்ணும் புரியல" என்பார்.

சென்ற வாரங்களில் கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்த்தோம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள், பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கிறார்கள். மூன்றுமே நுண்ணிய இரத்த நாளங்கள் கெடும் இடங்கள். அதே மாதிரியான நாளங்களை நம்பி வாழும் நான்காவது உறுப்பு உட்செவி. அதைப் பற்றி நம் கிளினிக் மேசைகளில் அநேகமாக யாரும் கேட்பதில்லை. நோயாளியும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்.

நம் சமூகம் இதைப் பேசியாக வேண்டிய காரணம் கண்முன்னே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. இரத்தக் கொதிப்பு நாட்டில் பத்தில் மூவருக்கு. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, நெரை நெரையாக நடந்து பால்மரம் வெட்டிய உடம்புகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போவைச் சுற்றிய தாமான் வீடுகளில் உட்கார்ந்துவிட்டன. சோறும் பால்டின் ஊற்றிய தேநீரும் மாறவில்லை, நடை மட்டும் நின்றுபோனது.

உட்செவியில் ஒலியை உணரும் பகுதிக்குக் காக்லியா என்று பெயர். இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழாய் அது. அதற்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலி வந்து அசைக்கும்போது இவை அந்த அசைவை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. அப்படி மாற்ற அவற்றுக்கு மின்விசை வேண்டும். காக்லியாவின் பக்கச் சுவரில் நுண்நாளங்கள் நெருக்கமாகப் பின்னிய ஒரு திசுப் பட்டை இருக்கிறது. அது இரத்தத்திலிருந்து கிடைக்கும் சக்தியைக் கொண்டு பொட்டாசியத்தை உள்ளிருக்கும் திரவத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தத் திரவத்தில் ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. மயிர்ச் செல்கள் இதை வைத்தே வேலை செய்கின்றன. நாம் தூங்கும்போதும் அந்தப் பட்டைக்கு ஓய்வில்லை.

இவ்வளவு உழைக்கும் இடத்துக்கு இரத்தம் வரும் வழி ஒன்றே ஒன்று. மூளைத் தண்டின் அருகே ஓடும் தமனியிலிருந்து நூல் போன்ற ஒரு கிளை பிரிந்து, எலும்புத் துளை வழியாக உட்செவிக்குள் நுழைகிறது. கைக்கும் காலுக்கும் இருப்பதுபோல் பக்கத்து நாளங்கள் வந்து உதவும் ஏற்பாடு இதற்கு இல்லை. பழைய தோட்டத்தில் லயத்தின் கடைசி வீட்டுக்குப் போகும் ஒற்றைத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் துருவேறி உள்ளே குறுகினால் முதலில் தவிப்பது அந்த வீடுதான்.

இனிப்பு நீர் பல ஆண்டுகள் இருக்கும்போது நுண்நாளங்களின் சுவர் தடிக்கிறது. இறந்தவர்களின் காதெலும்பை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்நோக்கியில் பார்த்த ஆய்வுகளில், இனிப்பு நீர் இருந்தவர்களின் அந்தப் பக்கச் சுவர்ப் பட்டை சுருங்கியும், அதன் நாளச் சுவர்கள் தடித்தும், மயிர்ச் செல்கள் குறைந்தும் காணப்பட்டன. இரத்தக் கொதிப்பு வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. சிறு தமனிகள் ஓயாத அழுத்தத்தைத் தாங்கிச் சுவர் இறுகி, உள்வழி ஒடுங்குகின்றன. கண்ணின் நாளத்தை உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடலாம். உட்செவியோ உடலின் மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருக்கிறது, அங்கே எந்தக் கேமராவும் எட்டாது. நாளத்தைப் பார்க்க வழியில்லாததால், கேட்கும் திறனை அளந்துதான் அதன் நிலையை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 20 முதல் 69 வயது வரையிலான ஐயாயிரத்துச் சொச்சம் பேரின் செவியளவை ஒப்பிட்டது. செவிக்குறை இனிப்பு நீர் உள்ளவர்களிடம் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருந்தது. வயது, இரைச்சல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. இரத்தக் கொதிப்புக்கு இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. தனியாக அது செய்யும் கேடு சிறிது, இனிப்பு நீரோடு சேரும்போதுதான் கவலை கூடுகிறது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 62 வயது அம்மா ஒருவர். முப்பது ஆண்டு மரம் வெட்டியவர், இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார். பதினைந்து ஆண்டாக இனிப்பு நீர், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 9-க்கு மேல், கொதிப்பு 150/90. இவர் நான் கட்டிய மாதிரி ஆள். ஆனால் இப்படிப்பட்ட செவி வரைபடம் எந்தக் காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலும் சாதாரணமாகக் கிடைக்கும்.

முதலில் காதுக்குள் விளக்கடித்து அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் வழியே ஒவ்வொரு சுருதியிலும் அவர் கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலியைக் குறிப்பார்கள். இந்த அம்மாவுக்கு 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபெல், 1000-இல் 30, 2000-இல் 45, 4000-இல் 60, 8000-இல் 70 என்று இரு காதிலும் ஒரே மாதிரி வருகிறது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வைக் கொடுத்துப் பார்த்தாலும் அதே அளவுதான். அப்படியானால் செவிப்பறையிலோ நடுச்செவியிலோ குறை இல்லை, உட்செவியில்தான். 500 முதல் 4000 வரையுள்ள நான்கின் சராசரி 40 டெசிபெல். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் இது நடுத்தரச் செவிக்குறை.

கிளினிக்கில் நடந்ததை இந்த எண்களே விளக்கிவிடுகின்றன. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. அங்கே இவருக்கு இழப்பு குறைவு, அதனால் பேசுகிற குரல் நன்றாகவே கேட்கிறது. ஸ், ச், ட், த், ப் போன்ற மெய்கள் உயர்ந்த சுருதியில் மெல்லியதாகக் கேட்பவை, அவைதான் இவருக்கு நழுவுகின்றன. 'செலெபாஸ்' என்பதன் கடைசி ஒலி போய்விட்டால் மிச்சம் இருப்பதைக் கொண்டு இரண்டையும் பிரிப்பது கடினம். முகக்கவசம் அந்த உயர் ஒலிகளை மேலும் மழுக்குகிறது, உதட்டையும் மறைக்கிறது. "கேக்குது, ஆனா புரியல" என்று யாராவது சொன்னால், உட்செவிக் குறைக்கு அதைவிடச் சரியான விவரிப்பு இல்லை.

இது இனிப்பு நீரால்தான் என்று எப்படிச் சொல்வது? நேர்மையாகச் சொன்னால், வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயதும் இதே போல் உயர்ந்த சுருதியை நோக்கிச் சரியும் கோட்டைத்தான் வரையும். இரைச்சலைப் பிரிப்பது கொஞ்சம் எளிது. இதே அம்மாவின் கணவர் ரப்பர் ஆலையில் ரோலர் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்தவர் என்றால், அவர் கோடு 4000-இல் குழிவிழுந்து 8000-இல் கொஞ்சம் மேலேறி நிற்கும். மரம் வெட்டிய அம்மாவுக்கு அந்தக் குழி இல்லை. அவர் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட இழப்பு அதிகம், கட்டுப்படாத சர்க்கரை இருக்கிறது, கண் நாளமும் சிறுநீரகமும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டுவிட்டன என்றால், மருத்துவர் நாளக் கேட்டைச் சந்தேகிப்பார். அதற்கு மேல் உறுதி கிடைக்காது.

சர்க்கரையைக் கட்டினால் காது திரும்புமா? இறந்த மயிர்ச் செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. கட்டுப்பாடு மேலும் சரிவதைத் தடுக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது. முதல் வகை இனிப்பு நீர்க்காரர்களை நெடுங்காலம் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரி எச்பிஏ1சி உயர்ந்தவர்களுக்குச் செவிக்குறை கூடுதலாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில், தொடக்கத்தில் கறாரான சிகிச்சை பெற்ற குழுவின் காது மற்றக் குழுவைவிட மேலாக இல்லை. எனவே செவிக்கருவி வேண்டாம், மருந்தே போதும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இந்த அம்மாவின் அளவுக்கு இரு காதுக்கும் கருவி நன்றாகவே உதவும். கிளினிக் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். கண்ணையும் பாதத்தையும் பார்க்கும் அதே நாளில் "பேச்சு புரியுதா?" என்ற கேள்வியையும் கேட்பது செலவில்லாத காரியம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டியில் செவிச் சோதனைக்கு அனுப்பும் யோசனை இடம்பெற்றுவிட்டது. நம் கிளினிக்குகளும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இடையில் ஒன்று. காது மந்தம் என்றதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், பஞ்சுக் குச்சியால் குடைவதும் நம் வீடுகளில் வழக்கம். இனிப்பு நீர் உள்ளவருக்குக் காதுக் குழாயில் ஒரு சிறு கீறல் விழுந்தால்கூடக் கிருமி எலும்புவரை போகக்கூடும். இரவில் தூங்கவிடாத காதுவலியும் சீழும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதுவரை சொன்னது மெல்ல வரும் குறை. சிலருக்குக் காலையில் எழும்போதே ஒரு காது அடைத்துக் கிடக்கும், இரைச்சல் ஓடும். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ விழுந்தால் அது திடீர்ச் செவியிழப்பு. பலருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்கு அந்த ஒற்றைக் குழாயில் இரத்தம் தடைப்பட்டிருக்கலாம். அழுக்கா, உட்செவியா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம்: வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். ஒலி அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் அடைத்த காதின் உட்செவி பழுதுபட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். அப்போது வார இறுதி முடியட்டும் என்று இருக்கக் கூடாது. சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால் பலன் கூடுதல், இரண்டு வாரம் தாண்டினால் வெகுவாகக் குறைகிறது. கூடவே கடும் தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, முகம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது என்று ஏதாவது இருந்தால் மூளைக்குப் போகும் நாளமே அடைபட்டிருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

திடீர்ச் செவியிழப்புக்கு முதலில் தருவது ஸ்டீராய்டு மாத்திரை, வழக்கமாக ப்ரெட்னிசோலோன். இது சர்க்கரையை, குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும், வேகமாக ஏற்றும். இனிப்பு நீர் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்றுவார்கள், இன்சுலினைக் கூட்டுவார்கள், அல்லது செவிப்பறை வழியாக ஊசியால் ஸ்டீராய்டை நடுச்செவிக்குள் செலுத்துவார்கள். அந்த ஊசிமருந்து இரத்தத்தில் கலப்பது குறைவு என்பதால் சர்க்கரை அதிகம் ஏறாது. மாத்திரை எடுக்கும் நாட்களில் மட்டும் வீட்டு மீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் இரவும் அளந்து, எழுதிவைத்துக் காட்ட வேண்டும்.

காக்லியாவுக்குப் பக்கத்திலேயே, அதே தமனியில் இரத்தம் வாங்கும் சமநிலை உறுப்பைப் பற்றி அடுத்த வாரம்.