இரும்பு இருக்கிறது, ரத்தம் ஊறவில்லை

ரத்தசோகை என்று டாக்டர் சொன்னதும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்றுதான் நம் வீடுகளில் பேச்சு தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு அது பொருத்தமான வைத்தியம்தான். ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது. ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறி, இரும்புக் குறைபாட்டில் இருப்பது போலவேதான் தெரியும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை எடுத்துப் பார்த்தால் அது இயல்பாகவோ தேவைக்கு மிக அதிகமாகவோ இருக்கும். இரும்பு வந்து சேர்ந்திருக்கிறது, அதை ரத்தமாக மாற்றும் வேலைதான் நடக்கவில்லை.

அந்த வேலை நடக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு ‘ஹீம்’ வைத்திருக்கிறது. ஹீம் என்பது போர்ஃபிரின் என்ற வளைய வடிவ மூலக்கூறு, அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது இந்த இரும்புதான். மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் சிவப்பணு இந்த ஹீமை எட்டுப் படிகளில் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனியாக ஒரு நொதி உண்டு. முதல் படி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கிறது, அடுத்த நான்கு அதற்கு வெளியே, கடைசி மூன்று மறுபடியும் உள்ளே. முதல் படியில் கிளைசின் என்ற அமினோ அமிலமும் சக்சினைல் கோஎன்சைம் ஏ என்ற பொருளும் சேர்கின்றன. அதைச் செய்துகொடுக்கும் நொதிக்கு வைட்டமின் பி6 துணை இல்லாமல் வேலை ஓடாது. எட்டாவது படியில்தான் தயாராகிவிட்ட வளையத்துக்குள் இரும்பு பொருத்தப்படுகிறது.

முதல் படி பிசகினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி பார்த்த ஒரு குடும்பம் நமக்குக் காட்டிக்கொடுத்தது. தாலசீமியாவை விவரித்து, ‘கூலி ரத்தசோகை’ என்று தன் பெயரே அதற்கு வழங்கும்படி ஆனவர் அவர். 1945-இல் அவர் எழுதியது வேறொரு பரம்பரை ரத்தசோகை பற்றி. அந்தக் குடும்பத்தில் ஆண்களுக்குத்தான் நோய் வந்தது, தாய் வழியாகக் கடத்தப்பட்டது. காரணம் அப்போது யாருக்கும் புரியவில்லை. 1956-இல் ஜான் ஹாரிஸும் அவருடைய குழுவினரும், கடும் ரத்தசோகை கொண்ட ஒருவருக்கு பி6 வைட்டமின் கொடுத்தபோது ரத்தம் ஏறியதாக எழுதினார்கள். முதல் படியின் நொதிக்கு பி6 தேவை என்பதை நினைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகளும் ஒரே இடத்தைத் தொடுவது தெரியும். 1994-இல் கூலி விவரித்த அதே குடும்பத்தின் மரபணுவை ஆராய்ந்தபோது பிழை பிடிபட்டது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ALAS2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. முதல் படியின் நொதியைத் தயாரிக்கும் குறிப்பு அந்த மரபணுவில்தான் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான் என்பதால், அதில் பிழை வந்தால் ஈடுகட்ட வேறு பிரதி கிடையாது.

இந்த நோயைக் கண்ணால் காட்டுவது மஜ்ஜைப் பரிசோதனை. இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, பொட்டாசியம் ஃபெரோசயனைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் வைப்பார்கள். ஜெர்மானிய நோயியலாளர் மேக்ஸ் பெர்ல்ஸ் 1867-இல் கொடுத்த முறை இது, இன்றும் மருத்துவமனைகளில் அவர் பெயரிலேயே நடக்கிறது. இரும்பு இருக்கும் இடம் அடர் நீலமாக மாறும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஹீமுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட இரும்பு இந்தச் சாயத்தில் நீலமாகாது. ஆகவே அங்கே தெரிகிற நீலமெல்லாம் ஹீம் ஆகாமல் நிற்கும் இரும்பு.

இரும்புத் துகள் கொண்ட இளம் சிவப்பணுவுக்கு சிடெரோபிளாஸ்ட் என்று பெயர். அது ஆரோக்கியமான மஜ்ஜையிலும் இருக்கும். இளஞ்சிவப்புப் பின்னணியில் ஓர் அணுவுக்குள் ஒன்றிரண்டு பொடி நீலப் புள்ளிகள், கொஞ்சம் தேடினால்தான் கண்ணில் படும். நோயுள்ள மஜ்ஜையில் காட்சியே வேறு. அணுவின் கருவை ஒட்டி நீலப் புள்ளிகள் வரிசையாக வளைத்து நிற்கும். குறைந்தது ஐந்து புள்ளிகள் இருக்க வேண்டும், அதோடு கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது அவை சூழ்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் அதை வளைய சிடெரோபிளாஸ்ட் என்று ஏற்பார்கள். ஏன் வளையமாக? இளம் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாக்கள் கருவைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன. ஹீம் தயாரிக்க இரும்பு அவற்றுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. பொருத்துவதற்குப் போர்ஃபிரின் வளையம் இல்லாததால் அங்கேயே தேங்கிவிடுகிறது. நாம் பார்க்கும் நீல வளையம், இரும்பு அடைத்துக்கொண்ட மைட்டோகாண்ட்ரியாக்களின் வரிசைதான்.

பரம்பரை வகையில் பி6 வைத்தியம் பலருக்குப் பலன் தரும். உணவில் நமக்குத் தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும் என்றால், இங்கே 50 முதல் 200 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்ப்பார்கள். பலன் கிடைத்தால் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். அளவு மிஞ்சினால் பி6 நரம்பைக் கெடுக்கும் என்பதால் தன்னிஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. இரும்பு மாத்திரை இந்த நோயில் கெடுதலே செய்யும். பயன்படாத இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படியத் தொடங்கும். தேங்கிய இரும்பை வெளியேற்றிய பிறகு பி6-க்கு இன்னும் நன்றாகப் பலன் தெரிந்த நோயாளிகளும் உண்டு.

பரம்பரை இல்லாமலும் வளையம் வரும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் உடலின் பி6-ஐக் குலைக்கிறது. அந்த மருந்தோடு சிறிய பி6 மாத்திரையும் சேர்த்துத் தருவது முக்கியமாக நரம்பைக் காக்கத்தான், ஆனால் அதே மாத்திரை ஹீமின் முதல் படிக்கும் காவல். அதிக மதுவும் தாமிரக் குறைபாடும்கூடக் காரணமாகலாம். முதியவர்களிடம் மஜ்ஜையே கெடும் எம்.டி.எஸ். நோயின் ஒரு வகையில் வளையங்கள் நிறைய இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு SF3B1 என்ற மரபணுவில் பிறகு வந்த மாற்றம் இருப்பது 2011-இல் தெரியவந்தது. அங்கே பி6 பெரும்பாலும் கைகொடுக்காது.

காரீயம் வேறு வழியாக வருகிறது. எட்டுப் படிகளில் இரண்டை அது குறிவைக்கிறது. இரண்டாவது படியின் நொதிக்குத் துத்தநாகம் தேவை. அந்த இடத்தில் காரீயம் உட்கார்ந்துகொண்டால் நொதி முடங்கிவிடும். அதற்கு முந்தைய பொருளான ஏ.எல்.ஏ. தேங்கிச் சிறுநீரில் வழியும். காரீய நஞ்சில் வரும் வயிற்று வலிக்கும் நரம்புக் கோளாறுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். கடைசிப் படியிலும் காரீயம் குறுக்கே நிற்கிறது. இரும்பு பொருந்த வேண்டிய வளையத்தில் துத்தநாகம் போய் ஏறிக்கொள்கிறது. இப்படி உண்டாகும் துத்தநாகப் போர்ஃபிரின் அந்தச் சிவப்பணு வாழும் நான்கு மாதமும் அதற்குள்ளேயே இருக்கும்.

பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்த, 38 வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி, நாட்கணக்கில் மலச்சிக்கல், மணிக்கட்டைத் தூக்கச் சிரமம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இப்படி வருபவர்களைக் குடல்வால் என்று நினைத்து அறுவை மேசைக்குக் கொண்டுபோன கதைகள் மருத்துவத்தில் நிறைய உண்டு. இவருக்கு ஹீமோகுளோபின் 9, சிவப்பணுக்கள் சிறியவை, ஃபெரிட்டின் 210. இரும்புக் குறைபாடு இல்லை. தாலசீமியா பரிசோதனையும் இயல்பு. ரத்த ஸ்மியரைப் பார்க்கும் நுட்பர் சிவப்பணுக்களில் நீலப் பொடி தூவியது போன்ற புள்ளிகளைக் காண்கிறார். இவை இரும்பு அல்ல. அணு முதிரும்போது தன் பழைய ஆர்.என்.ஏ.-வைச் சிதைத்துக் கழிக்க உதவும் நொதி ஒன்றையும் காரீயம் முடக்குவதால் மிஞ்சிய கழிவு அது. தாலசீமியாவிலும் இந்தப் புள்ளிகள் வரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பட்டறை வேலையைப் பற்றி டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சிரை ரத்தத்தில் காரீயத்தை அளக்கிறார்கள். ஒரு டெசிலிட்டரில் 86 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

இங்கே மஜ்ஜையில் ஊசி போட வேண்டிய தேவை இல்லை. வளைய சிடெரோபிளாஸ்ட் வரும் காரணங்களில் காரீயத்தையும் சேர்த்துப் பாடப்புத்தகங்கள் பட்டியல் போடுவது வழக்கம். உண்மையில் காரீய நோயாளிகளின் மஜ்ஜையில் முழு வளையங்கள் எப்போதும் கிடைப்பதில்லை. வளையம் இல்லை என்பதால் காரீயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் ரத்தத்தில் அளப்பதே நேர்வழி.

இவருக்கு முதல் வைத்தியம் பட்டறையிலிருந்து விலகுவது. பிறகு காரீயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றும் சக்சிமர் போன்ற மருந்து, வழக்கமாக 19 நாள் சுற்று. சுற்று முடிந்ததும் அளவு 35-க்கு இறங்குகிறது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 50-ஐத் தாண்டியிருக்கிறது. அவர் பட்டறைக்குத் திரும்பவில்லை. உடலில் உள்ள காரீயத்தில் பெரும்பகுதி எலும்பில் கால்சியத்தோடு கால்சியமாக ஒளிந்திருக்கிறது. ரத்தத்தில் அளவு குறைந்ததும் அங்கிருந்து மெல்லக் கசிகிறது. எலும்பிலிருந்து அது வெளியேற பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் மருந்தை இடைவெளி விட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அளக்க வேண்டியிருக்கும்.

அவருடைய வீட்டையும் பார்க்க வேண்டும். வேலை உடுப்பில் ஒட்டிவந்த தூசி பாயிலும் தரையிலும் கிடக்கும், தவழும் குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஆகவே குழந்தைகளுக்கு இரண்டையும் சேர்த்தே பரிசோதிப்பார்கள், இரும்பு உண்மையில் குறைவாக இருந்தால் அங்கே இரும்பு மருந்து கொடுப்பதுதான் சரி. பட்டறையே இல்லாத வீட்டில் சமையலறையைக் கேட்க வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அதில் காரீயம் கலந்திருந்தால் புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் மின்னுவதால், சந்தேகம் இருந்தால் அந்தச் சொம்பை உலோகப் பரிசோதனைக்குக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.